போன் வந்த நேரத்தில் போட்ட பதிவு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசு, ஆனா பொதுவாப் பேசாதே" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டிருக்கிறார். என் தொழில் கைப்பேசிச் செயலிகளைச் சோதிப்பது. விலை குறைந்த போனில் ஓடுமா, சிக்னல் மங்கிய இடத்தில் ஓடுமா, நடுவில் யாராவது போன் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது. இவை மூன்றும் மூன்று தனிச் சோதனைகள் என்றுதான் பாடப் புத்தகத்தில் இருக்கும். உண்மையில் நம் ஊரில் இவை மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்து வருகின்றன. அதை ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து விளக்கப் பார்க்கிறேன்.

சிறு கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். அதன் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தவணை வசூலிப்பார்கள். நம் தவளக்குப்பம் சந்திப்பில் வண்டியைத் திருப்பினால் நல்லவாடு, பூரணாங்குப்பம், அபிஷேகப்பாக்கம் என்று ஒரு சுற்று. சுய உதவிக் குழுப் பெண்கள் ஐநூறு, அறுநூறு என்று கட்டுவார்கள். ஊழியர் அதைப் போனில் உள்ள செயலியில் போட்டு, "பதிவு செய்" என்ற பட்டனை அழுத்துவார். ரசீது எண் வரும். அவ்வளவுதான் வேலை.

2023ஆம் ஆண்டில் இந்தச் செயலியைப் பற்றி ஒரு புகார் எங்களிடம் வந்தது. மாதத்தில் சில பதிவுகள் இரட்டையாக விழுகின்றன. அந்த அம்மா கட்டியது 500 ரூபாய். கணக்கில் 1,000 ரூபாய். மாலையில் கிளையில் பணத்தை எண்ணும்போது கணக்குப்படி 500 குறைகிறது. குறைந்த பணத்தை யார் தலையில் கட்டுவார்கள்? வசூலித்த ஊழியர் தலையில்தான். இன்னும் சில இடங்களில் நேர்மாறாக, கட்டிய தவணை கணக்கிலேயே இல்லை. "தம்பி, உங்க கையிலதானே குடுத்தேன்" என்று அந்த அம்மா கேட்கும்போது, ஊழியருக்குப் பதில் சொல்ல வாய் வராது. ஒரு பக்கம் ஊழியர் பெயர் கெடுகிறது, இன்னொரு பக்கம் கட்டிய பெண் தவணை தவறியவர் ஆகிறார். செயலி மட்டும் எந்த இடத்திலும் நின்றுபோகவில்லை, ஒரு பிழைச் செய்திகூடப் பதிவாகவில்லை.

அலுவலகத்தில் எத்தனை முறை முயன்றாலும் இந்தப் பிழை வரவில்லை. வராது. அங்கே புதுப் போன்கள், வை-ஃபை இணைப்பு, சோதிப்பவருக்கு யாரும் போன் செய்வதும் இல்லை. எனவே இரட்டைப் பதிவு விழுந்த ஊழியர்களையே கூப்பிட்டு, அந்தந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டோம். நான்கு பேரில் மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அப்பத்தான் சார், ஒரு போன் வந்துச்சு."

வசூலுக்குப் போகிறவருக்குப் போன் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த தெருக்காரர் "எப்ப வர்றீங்க" என்பார், கிளை மேலாளர் "எவ்வளவு ஆச்சு" என்பார். எனவே போன் வருவது என்பது அந்த வேலையில் அபூர்வம் அல்ல, அன்றாடம். ஆனால் ஒரு போன் வந்தால் செயலிக்கு என்ன நடக்கிறது? அதை மூன்று படியாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, திரை போகிறது. ஆண்ட்ராய்டு 5.0 முதல், நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் மேலே ஒரு சிறு பட்டையாகத்தான் தோன்றும். அந்த நேரத்தில் அடியில் இருக்கும் செயலிக்கு எந்தத் தகவலும் போவதில்லை. தான் இன்னும் முன்னால் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் எடுத்துப் பேச ஆரம்பித்து, பேசும் திரை முழுதாக மூடிய பிறகுதான் `onPause`, அதன்பின் `onStop` என்ற இரண்டு அறிவிப்புகள் வரும். ஆக, ஒரே அழைப்பு; எடுத்தால் ஒரு வழி, எடுக்காவிட்டால் இன்னொரு வழி. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு போகிறது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 4ஜியில் குரல் போவதற்கு வோல்ட்டி வசதி வேண்டும். போனிலோ சிம்மிலோ அது இல்லையென்றால், அழைப்பு வந்தவுடன் போன் 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கித்தான் பேச முடியும். 2ஜியில் இறங்கினால், பேசி முடிக்கும்வரை டேட்டா பொதுவாக நின்றுவிடும். "சார், ஜியோ வந்த 2016லேருந்து எல்லாம் வோல்ட்டிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். சரி, வோல்ட்டியே இருக்கட்டும். நம் ஊரில் இரண்டு சிம் போடாத போன் எத்தனை? விலை குறைந்த இரட்டை சிம் போன்களில் சிம் இரண்டு, ரேடியோ ஒன்றுதான். முதல் சிம்மில் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சிம்மில் அழைப்பு வந்து பேசினால், ரேடியோ அந்தப் பக்கம் போய்விடும், முதல் சிம்மின் டேட்டா காத்திருக்கும். இப்போது வரும் சில போன்களில் பேசும் நேரத்துக்கு மட்டும் டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் அதை நாம் போய் இயக்கி வைக்க வேண்டும், அந்த சிம்மிலும் டேட்டா இருக்க வேண்டும். நம் வசூல் ஊழியர்களிடம் இருந்ததோ, சொந்த எண் ஒரு சிம், நிறுவனம் கொடுத்த டேட்டா இன்னொரு சிம். அழைப்பெல்லாம் சொந்த எண்ணுக்குத்தான் வரும்.

இங்கே ஒரு நுணுக்கம். இந்த நிலையில் இணைப்பு அறுந்துபோகவில்லை, தொங்குகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. விமானப் பயன்முறையைப் போட்டால் இணைப்பு போய்விட்டது என்று செயலிக்கு உடனே தெரியும். ஆனால் அழைப்பினால் டேட்டா நின்றால், ஐ.பி. முகவரி அப்படியே இருக்கும், திறந்த இணைப்பும் திறந்தபடியே இருக்கும், பொட்டலம் மட்டும் நகராது. இதைத் தெரிந்துகொள்ள ஆண்ட்ராய்டு 9இலிருந்து `NET_CAPABILITY_NOT_SUSPENDED` என்று ஓர் அடையாளமே இருக்கிறது. அதைப் பார்க்காத செயலி, பதில் வரும் வரும் என்று தன் காத்திருப்பு நேரம் முடியும்வரை சும்மா நிற்கும். ஆகவே விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்துவிட்டு "இணைப்பு சோதனை முடிந்தது" என்று எழுதினால், நம் ஊழியருக்கு நடந்ததை நாம் சோதிக்கவே இல்லை என்று பொருள்.

மூன்றாவது, நினைவகம் போகிறது. 2 ஜிபி நினைவகம் உள்ள போனில் ஆண்ட்ராய்டே ஒரு பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பேசும் செயலி முன்னால் வந்ததும், பின்னால் போன செயலிகளில் எதைக் கொன்று இடம் பிடிக்கலாம் என்று அது தேடும். பேசிக்கொண்டே ஊழியர் வாட்சப்பைத் திறந்து ஒரு படத்தைப் பார்த்தால் போதும், நம் வசூல் செயலி போய்விடும். திரையில் ஒரு செய்தியும் வராது. செயலி பிழைபட்டு நின்றதாகக் கணக்கிலும் ஏறாது. ஏனென்றால் இது பிழை அல்ல, அமைப்பின் இயல்பான வேலை.

இனி, அந்த 500 ரூபாய் எப்படி ஆயிரம் ஆயிற்று என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஊழியர் 500 என்று தட்டி "பதிவு செய்" அழுத்துகிறார். கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. சர்வர் பதிவை எழுதி, ரசீது எண்ணோடு பதில் அனுப்புகிறது. அந்தச் சமயம் பார்த்து இரண்டாவது சிம்மில் அழைப்பு. ஊழியர் எடுக்கிறார். டேட்டா நின்றது, பதில் வழியிலேயே நிற்கிறது. நான்கு நிமிடம் பேசுகிறார். இதற்குள் ஆண்ட்ராய்டு செயலியைக் கொன்றுவிட்டது. "இந்தக் கோரிக்கையை அனுப்பிவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்" என்ற செய்தி நினைவகத்தில் மட்டுமே இருந்தது. அதுவும் சேர்ந்து செத்தது.

பேசி முடித்துவிட்டு அவர் செயலிக்குத் திரும்புகிறார். இப்போது ஆண்ட்ராய்டு ஓர் உபகாரம் செய்கிறது. கொன்ற செயலியை மறுபடி எழுப்பி, கடைசியாக இருந்த திரையை அப்படியே கட்டித் தருகிறது. எழுதும் பெட்டியில் தட்டிய எழுத்துகளைக்கூட அது தானே சேமித்து வைத்திருக்கும். எனவே ஊழியர் கண்ணுக்குத் தெரிவது: உறுப்பினர் எண் இருக்கிறது, தொகை 500 இருக்கிறது, "பதிவு செய்" பட்டன் அழுத்தத் தயாராக இருக்கிறது. அவர் என்ன நினைப்பார்? "அட, போன் வந்த அவசரத்துல நாம இன்னும் அழுத்தவே இல்ல போல." அழுத்துகிறார். ரசீது வருகிறது. கணக்கில் இரண்டு பதிவு.

செயலி சாகாமல் இருந்திருந்தால் மட்டும் தப்பியிருக்குமா என்றால், இல்லை. காத்திருப்பு நேரம் 30 வினாடி முடிந்ததும் "பதிவு தோல்வி, மீண்டும் முயற்சிக்கவும்" என்று செய்தி வரும். அதுவும் பொய்தான். பதிவு தோற்கவில்லை, பதில்தான் வரவில்லை. அவர் மீண்டும் முயன்றால் மறுபடியும் இரண்டு.

கணக்கில் வராமலே போன தவணைகளுக்கும் இதே கதைதான், ஒரே ஒரு மாற்றத்தோடு. அங்கே அழைப்பு ஒரு நொடி முந்தி வந்தது. கோரிக்கை போனைவிட்டே கிளம்பவில்லை. ஊழியர் பேசி முடித்து, "பட்டனை அழுத்திட்டோமே" என்ற நினைப்பில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நண்பர்களே, இந்தப் பேச்சில் ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள்: கோரிக்கை போய்ச் சேரவில்லை என்பதும், பதில் வந்து சேரவில்லை என்பதும், போன் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதில் திரும்ப அனுப்பினால்தான் சரி. இரண்டாவதில் திரும்ப அனுப்பினால் தவறு. எது நடந்தது என்று போனுக்குத் தெரிய வழியே கிடையாது. எவ்வளவு நல்ல போன் வாங்கினாலும் இது தீராது. போன் மட்டமாக இருந்தால் அடிக்கடி நடக்கும், நல்லதாக இருந்தால் எப்போதாவது நடக்கும், அவ்வளவுதான்.

காரணத்தை ஊகித்தால் போதாது, கண்முன் கொண்டுவந்து காட்ட வேண்டும். அங்கேதான் சோதிப்பவர் வேலை. கோரிக்கைக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நல்ல சிக்னலில் ஒரு நொடிகூட இருக்காது. அந்த நொடியில் சரியாகப் போன் அடித்துப் பிடிக்க யாராலும் முடியாது. நூறு முறை முயன்றால் ஒரு முறை வரும். அதனால் இடைவெளியை நாமே அகலப்படுத்தினோம். சோதனை சர்வரில் இரண்டு ஸ்விட்ச் வைத்தோம். முதல் ஸ்விட்ச்: கோரிக்கை வந்தால் எழுதாதே, பதிலும் சொல்லாதே, போட்டுவிடு. இரண்டாவது ஸ்விட்ச்: வந்ததை எழுதிவிடு, ஆனால் பதிலை 20 வினாடி பிடித்துவை. செயலி காத்திருப்பது 30 வினாடி என்பதால், அந்த 20 வினாடிக்குள் அடுத்த மேசையிலிருந்து நிதானமாகப் போன் செய்யலாம். இப்போது பிழை அதிர்ஷ்டத்தை நம்பி இல்லை, கூப்பிட்டால் வரும்.

சோதனைக்கு எடுத்த போன், ஊழியர்கள் வைத்திருந்த அதே மாதிரி: 2 ஜிபி நினைவகம், இரண்டு சிம், ஆண்ட்ராய்டு கோ. பட்டனை அழுத்தியதும் அடுத்த போனிலிருந்து அழைப்பு. எடுத்து இரண்டு நிமிடம் பேசுவது. பேசும்போது, நினைவகம் போதாமல் செயலி சாகும் நிலையை இந்தக் கட்டளையால் வரவழைப்பது:

```
adb shell am kill com.example.vasool
```

இங்கே தம்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே வேலைக்கு `am force-stop` என்ற கட்டளையைப் பலர் போடுகிறார்கள். அது பயனர் தானே அமைப்புகளுக்குள் போய் நிறுத்தியதற்குச் சமம். சேமித்த திரையும் போய்விடும். செயலி முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். நம் ஊழியரை ஏமாற்றிய அந்த நிரம்பிய படிவம் அதில் தோன்றவே தோன்றாது. `am kill` மட்டும்தான், பின்னால் போன செயலியை அமைப்பு கொல்வதுபோலக் கொல்லும். அதேபோல டெவலப்பர் அமைப்புகளில் `Don't keep activities` என்று ஒன்று இருக்கிறது. அது திரையை அழிக்கும், ஆனால் செயலியின் உயிரை எடுக்காது. பொது மாறிகளில் வைத்த விவரம் பிழைத்துக் கிடக்கும். அதில் தேறிய செயலி உண்மையான சாவில் தேறும் என்று சொல்ல முடியாது.

கணினியில் ஓடும் மாதிரிப் போனில் இதைச் செய்யலாமா என்று கேட்பீர்கள். ஓரளவு செய்யலாம். `adb emu gsm call 5551234` என்று தட்டினால் அதில் அழைப்பு வரும், திரையும் மூடும். ஆனால் அதன் இணையம் கணினியின் இணையம். பேசும்போது டேட்டா நிற்காது. மூன்று படிகளில் நடுப்படி காணாமல் போகும். அதனால் திரை மாற்றத்தைச் சோதிக்க அது போதும்; இந்தப் பிழைக்கு உண்மையான போனும் இரண்டு உண்மையான சிம்மும் வேண்டும்.

ஸ்விட்ச் இரண்டு வகை; அழைப்பை எடுப்பது, மறுப்பது என்று இரண்டு; செயலி சாவது, பிழைப்பது என்று இரண்டு; டேட்டா உள்ள சிம்முக்கே அழைப்பு, மற்ற சிம்முக்கு அழைப்பு என்று இரண்டு. மொத்தம் பதினாறு ஓட்டம். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மறுத்த அழைப்பையும் ஏன் சேர்த்தோம் என்றால், 4ஜியிலிருந்து இறங்கும் போன்கள் மணி அடிப்பதற்கு முன்பே இறங்கிவிடும். எடுக்காவிட்டாலும் திரும்ப 4ஜிக்கு ஏறச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகள் போதும்.

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் எதைப் பார்த்துத் தேறியது, தவறியது என்று எழுதுவது? இதுதான் முக்கியம். பெரும்பாலான சோதனைப் படிவங்களில் "அழைப்பு முடிந்ததும் செயலி பழைய திரைக்குத் திரும்பியது – தேர்ச்சி" என்று இருக்கும். அந்த அளவுகோலில் எங்கள் செயலி எல்லா ஓட்டத்திலும் தேறியிருக்கும்! நாங்கள் பார்த்தது வேறு. ஊழியர் கடைசியாக என்ன நினைத்துக்கொண்டு போனை மூடுவார் என்பது ஒன்று. சர்வர் கணக்கில் எத்தனை பதிவு என்பது இன்னொன்று. சர்வரில் இந்த ஒரு வரி:

```sql
SELECT COUNT(*) FROM receipts WHERE member_no = 1042;
```

திரை சொல்வதும் இந்த எண் சொல்வதும் ஒத்துப்போனால்தான் தேர்ச்சி. அப்படிப் பார்த்தபோது, பதிலைப் பிடித்துவைத்து, அழைப்பை எடுத்து, செயலி செத்த ஓட்டங்களில் எல்லாம் எண் 2 என்று வந்தது. அலுவலகத்தில் மாதக் கணக்கில் வராத பிழை, அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் கையில் வந்தது.

பரிகாரம் என்ன? "பட்டனை ஒரு தடவை அழுத்தினதும் மங்கலாக்கிட்டா போதுமே" என்றார் ஒரு இளம் நண்பர். செயலி செத்துப் பிழைத்தால் பட்டனும் புதிதாகப் பிறக்கும். எனவே அது உதவாது. "ஒரே உறுப்பினர், ஒரே தொகை, ஒரே நாள் என்றால் இரண்டாவதைத் தள்ளிவிடலாம்" என்றார் இன்னொருவர். ஆனால் போன வாரத் தவணையையும் இந்த வாரத் தவணையையும் சேர்த்து ஒரே நாளில் இரண்டு 500 கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உண்மையான பணத்தை நாமே அழித்துவிடுவோம்.

செய்தது இதுதான். வசூல் படிவம் திறக்கும்போதே செயலி ஒரு தனி எண்ணை உருவாக்கும். அந்த எண், உறுப்பினர், தொகை, "உறுதியாகவில்லை" என்ற நிலை ஆகிய நான்கையும் போனின் சேமிப்பில் எழுதிவிட்டுத்தான் கோரிக்கையை அனுப்பும். நினைவகம் போனாலும் சேமிப்பு போகாது. திரும்ப எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் போகும். சர்வர் பக்கம் ஒரு பூட்டு:

```sql
CREATE UNIQUE INDEX one_entry ON receipts (entry_id);
```

முதல் முறை வந்தால் எழுதும். அதே எண் மறுபடி வந்தால் எழுதாது, பழைய ரசீதையே திருப்பித் தரும். அஞ்சலகத்தில் பதிவுத் தபால் எண் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கோரிக்கை சேரவில்லையா, பதில் சேரவில்லையா என்று போன் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அதே எண்ணோடு மறுபடி அனுப்பு.

எண்ணை எப்போது உருவாக்குவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பட்டனை அழுத்தும்போது உருவாக்கினால், இரண்டாவது அழுத்தலுக்கு இரண்டாவது எண் வரும், பூட்டு திறந்துவிடும். படிவம் பிறக்கும்போது எண் பிறக்க வேண்டும், ரசீது வந்த பிறகுதான் அடுத்த படிவத்துக்கு அடுத்த எண்.

திரையையும் மாற்றினோம். செயலி எழுந்ததும் முதலில் சேமிப்பைப் பார்க்கும். உறுதியாகாத பதிவு இருந்தால், நிரம்பிய படிவத்தைக் காட்டாமல் "உறுப்பினர் 1042, ரூ.500 – சரிபார்க்கிறோம், மறுபடி போட வேண்டாம்" என்று காட்டும். "தோல்வி" என்ற சொல்லை, சர்வரே மறுத்தால் ஒழியப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தோம். பிறகு அதே பதினாறு ஓட்டம். எல்லாவற்றிலும் எண் 1.

இதற்கும் எல்லை உண்டு, மறைக்கக் கூடாது. இணைப்பு வந்ததும் தானாக அனுப்ப ஆண்ட்ராய்டில் `WorkManager` என்ற வசதி இருக்கிறது. ஆனால் சில போன்களில் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று தயாரிப்பாளர் வைத்த ஏற்பாடு, பின்னணி வேலைகளை மணிக்கணக்கில் தள்ளிப்போடும். ஆகவே ஊழியர் மறுபடி செயலியைத் திறக்கும்வரை பதிவு போனிலேயே கிடக்கலாம். அதற்காக, மாலையில் கிளைக்குப் போகுமுன் "உறுதியாகாதவை: 2" என்று எண்ணிக்கை முதல் பக்கத்திலேயே தெரியும்படி வைத்தோம். போனே தொலைந்தால் அந்த இரண்டும் தொலையும். அதற்குக் காகித ரசீதுப் புத்தகம்தான் இன்றைக்கும் துணை.

இந்த இடத்தில் வெளியுலகத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஃபேஸ்புக் நிறுவனம் 2015 அக்டோபரில் "2ஜி செவ்வாய்" என்று ஒன்றைத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் அதன் ஊழியர்கள் விரும்பினால் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். நம்மைப் போன்ற நாடுகளில் அது எப்படி நகர்கிறது என்று அவர்கள் உணர அது நல்ல வழி. ஆனால் அது காட்டுவது மெதுவான இணைப்பை. நாம் பார்த்தது நடுவில் நின்றுபோகும் இணைப்பை. மெதுவாக வரும் பதில் எரிச்சலைத் தரும். வராத பதில்தான் கணக்கைக் கெடுக்கும். முகநூலில் ஒரு விருப்பக்குறி இரண்டு முறை போனால் யாருக்கும் நஷ்டமில்லை. பணத்தில் அப்படி இல்லை.

பணம் என்றதும் உங்கள் எல்லோர் போனிலும் இருக்கும் யு.பி.ஐ. நினைவுக்கு வரும். ரகசிய எண்ணைத் தட்டியதும் அழைப்பு வந்து, திரும்பிப் பார்த்தால் "நிலுவையில் உள்ளது" என்று நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது செயலியின் மழுப்பல் அல்ல, நேர்மை. பதில் வராத வரை "தோல்வி" என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. இந்த நிலைமைக்கு ரிசர்வ் வங்கியே கெடு வைத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கையின்படி, ஒருவர் கணக்கில் பணம் கழிந்து மற்றவர் கணக்கில் சேராவிட்டால் பரிவர்த்தனைக்கு அடுத்த நாளுக்குள் திரும்ப வர வேண்டும். கடைக்குச் செலுத்தியதானால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எனவே நிலுவை என்று வந்தால் அவசரப்பட்டு மறுபடி செலுத்தாதீர்கள். முதலில் கடைக்காரரின் ஒலிப்பெட்டியையோ அவர் கணக்கையோ கேளுங்கள்.

ஆனால் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்பதிலும் அளவு வேண்டும். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யு.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியது உங்களுக்கு நினைவிருக்கும். பரிவர்த்தனை நிலையைக் கேட்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகள் திரும்பத் திரும்ப அனுப்பிக் குவித்ததே காரணம் என்று தேசிய கொடுப்பனவுக் கழகம் கண்டது. அதன்பின், தொடங்கி 90 வினாடி கழித்தே முதல் கேள்வி, இரண்டு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் மூன்று கேள்வி என்று வரம்பு வந்தது. எங்கள் சின்னச் செயலியிலும் அதே பாடம்தான். மாலை ஐந்தரைக்கு எல்லா ஊழியரும் கிளைக்குத் திரும்பி வை-ஃபையில் இணையும்போது, நிலுவையெல்லாம் ஒரே நொடியில் சர்வர்மேல் விழக் கூடாது. அதனால் முதல் மறுமுயற்சி 30 வினாடிக்குப் பிறகு, அடுத்தது ஒரு நிமிடம், அதற்கடுத்தது இரண்டு நிமிடம் என்று இடைவெளி விட்டு, அதிலும் ஒவ்வொரு போனுக்கும் சில வினாடி முன்பின்னாக வைத்தோம்.

இன்று இங்கே படிக்கும் மாணவர்களில் பலர் இறுதியாண்டுத் திட்டமாகச் செயலி செய்கிறீர்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். கட்டணம், வருகைப் பதிவு, முன்பதிவு என்று எதுவானாலும், சர்வரில் ஒன்றை எழுதும் ஒரு பட்டன் அதில் இருக்கும். அந்தப் பட்டனுக்கு இந்தப் பதினாறு ஓட்டத்தையும் செய்து பாருங்கள். வீட்டில் அம்மா வைத்திருக்கும் பழைய இரட்டை சிம் போனே போதும். அழைப்பதற்கு ஒரு நண்பன், பதிலைப் பிடித்துவைக்க சர்வரில் நான்கு வரி. முடிவைத் திரையில் மட்டும் தேடாதீர்கள். சர்வரில் எத்தனை வரி விழுந்தது என்று எண்ணுங்கள்.

வசூல் முடித்து வண்டியைத் திருப்பும் ஒரு மனிதருக்கு, தன் பையில் இருக்கும் பணமும் கணக்கில் இருக்கும் பணமும் ஒன்றுதான் என்ற நிம்மதி வேண்டும். அதைக் கொடுக்கவே இத்தனை பாடு.